கண்டிப்பும் கனிவும் இரு கட்சிகளாகும்போது: பிள்ளை வளர்ப்புப் பிணக்கும் தம்பதியரின் நலமும்

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

கெடா மாநிலத்தின் பெண்டாங் வட்டாரத்திலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில், விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்லும் பெற்றோர் கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வது வழக்கமாக இருந்தது. லயத்து வீடுகள் ஒட்டியே இருந்ததால், பாட்டி, பெரியம்மா, அண்டை வீட்டார் எனப் பலரும் பிள்ளைகளைக் கண்டித்தனர். அடித்த கை ஒன்றாகவும் அணைத்த கை வேறொன்றாகவும் இருந்தாலும், அந்த வேறுபாடு கணவன் மனைவி இருவர் மீது மட்டும் விழவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்து, ஒருவர் சுங்கைப் பட்டாணி தொழிற்சாலையில் ஷிப்டு வேலைக்கும் மற்றவர் வீட்டுப் பொறுப்புக்கும் பிரிந்துகொண்ட பிறகு, முன்பு பலர் பகிர்ந்துகொண்ட பணி இருவருடைய தோளில் இறங்கியது. பிள்ளையை எவ்வளவு கண்டிப்பது என்ற கருத்து வேறுபாடு இன்று நேரடியாகத் தாம்பத்தியத்துக்குள்ளேயே மோதுவதற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம்.

ஒருவர் இறுக, மற்றவர் தளர்வது

இத்தகைய பிணக்கின் போக்கை விளக்க, பல வீடுகளில் காணப்படும் நிலைமையை ஒரு கற்பனைக் குடும்பத்தின் வழியே பார்க்கலாம். ஒன்பது வயது மகன் வீட்டுப்பாடம் முடிக்காமல் கைப்பேசியில் விளையாடுகிறான், இரவு வேலை முடித்துத் திரும்பிய தந்தை பிரம்பை எடுக்கிறார், தாய் குறுக்கே நின்று, "பிள்ளைய அடிக்கத்தான் வீட்டுக்கு வர்றீங்களா?" என்று மகன் முன்னிலையிலேயே கேட்கிறார். மறுநாள், அடிவாங்கிய பிள்ளை என்ற இரக்கத்தில், "அப்பாகிட்ட சொல்லாத" என்று கூறித் தாய் அரை மணி நேரம் கைப்பேசியைக் கொடுக்கிறார். இது தெரியவரும்போது, தான் கண்டிக்காவிட்டால் வீட்டில் கண்டிக்க ஆளில்லை என்று முடிவுசெய்யும் தந்தை மேலும் கடுமையாகிறார். அவர் கடுமையாவதைக் கண்ட தாய், தான் அணைக்காவிட்டால் பிள்ளைக்கு ஆதரவில்லை என்று மேலும் இளகுகிறார்.

இங்கே ஒவ்வொருவரும் மற்றவருடைய குறையை ஈடுசெய்வதாகவே நம்புகின்றனர். ஆனால் அந்த ஈடுசெய்தலே மற்றவரை எதிர்முனைக்குத் தள்ளுகிறது. தொடக்கத்தில் சிறிய அளவில் மட்டுமே வேறுபட்டிருந்த இருவர், சில ஆண்டுகளில், "நீங்க கல்நெஞ்சு", "நீ செல்லம் கொடுத்தே கெடுக்குற" என்று ஒருவரையொருவர் வரையறுக்கும் நிலைக்கு வந்துவிடுகின்றனர்.

அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் மேற்கொண்ட ஆய்வுகள் இதைப் புரிந்துகொள்ள உதவுகின்றன. கனிவின்றி அடக்கும் வளர்ப்பையும், வரம்பின்றி விட்டுக்கொடுக்கும் வளர்ப்பையும், கனிவோடு தெளிவான வரம்பையும் விதிக்கும் வளர்ப்பையும் அவர் வேறுபடுத்திக் காட்டினார். இவற்றுள் மூன்றாவதே பிள்ளைகளின் தன்னடக்கத்துக்கும் பொறுப்புணர்வுக்கும் உகந்ததாகத் தென்பட்டது. கண்டிப்பைத் தந்தையும் கனிவைத் தாயும் பங்கிட்டுக்கொண்டால் கூட்டிக் கழித்து இந்த மூன்றாம் வகை கிடைத்துவிடும் என்று எண்ணுவது தவறு. அத்தகைய வீட்டில் பிள்ளைக்குக் கிடைப்பது முதல் இரண்டு வகைகளின் மாறி மாறி வரும் அனுபவமே. வரம்பும் அன்பும் ஒரே ஆளிடமிருந்து சேர்ந்து வரும்போதுதான் பிள்ளை வரம்பை வெறுப்பாகக் கொள்வதில்லை.

தாம்பத்தியத்தில் விழும் கீறல்

பெற்றோர் இருவரும் பிள்ளை வளர்ப்பில் ஒருவரையொருவர் தாங்குவதும் தகர்ப்பதும் இணைப்பெற்றோர்மை என்னும் தலைப்பில் ஆராயப்படுகின்றன. மார்க் ஃபைன்பெர்க் 2003இல் முன்வைத்த விளக்கத்தின்படி, வளர்ப்பு முறையில் ஒத்த கருத்து என்பது அதன் ஒரு கூறு மட்டுமே; ஒருவர் முயற்சியை மற்றவர் ஆதரிக்கிறாரா, சிறுமைப்படுத்துகிறாரா என்பது தனியான இன்னொரு கூறு. கருத்து வேறுபட்ட தம்பதியரும் ஒருவரையொருவர் மதித்துத் தாங்க இயலும் என்பதே இதன் பொருள். கற்பனைக் குடும்பத்தில் தாம்பத்தியத்தைக் காயப்படுத்தியது பிரம்பு பற்றிய கருத்து வேறுபாடு மட்டுமன்று. மகன் முன்னிலையில் நேர்ந்த அவமதிப்பும் அவனுடன் சேர்ந்து காத்த இரகசியமும் அதைவிட ஆழமாகச் சென்றன.

இத்தகைய இரகசியம் பிள்ளையைப் பெரியவர்களின் சண்டைக்குள் ஒரு கட்சியாக இழுக்கிறது. குடும்பச் சிகிச்சை முன்னோடி சால்வடோர் மினுச்சின் இதை முக்கோணமாக்கல் என்று விளக்கினார். கணவன் மனைவிக்கிடையே பேசித் தீராத தனிமை, பண நெருக்கடி, மாமியார் வீட்டு மனத்தாங்கல் ஆகியவை பிள்ளையின் வீட்டுப்பாடம் என்ற பெயரில் வெளிப்படத் தொடங்கும். பிள்ளையைப் பற்றியன்றி வேறெதையும் இருவரும் பேசுவதில்லை என்பதும், ஒருவர் வீட்டில் இல்லாத நேரமே மற்றவருக்கு நிம்மதியாக இருக்கிறது என்பதும், அனுமதி கேட்கப் பிள்ளை எப்போதும் ஒருவரையே நாடுகிறது என்பதும் பிணக்கு தாம்பத்தியத்துக்குள் இறங்கிவிட்டதற்கான அடையாளங்கள்.

பேசித் தீர்க்கும் முறை

கோபம் மூண்ட நேரத்தில் உடலே பேச்சுக்குத் தடையாகிறது. தம்பதியரின் வாக்குவாதங்களை ஆராய்ந்த ஜான் காட்மன், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டும் கிளர்ச்சியில் ஒருவரால் மற்றவர் சொல்வதை உள்வாங்க இயலாது என்றும், தணிவதற்குக் குறைந்தது 20 நிமிட இடைவெளி வேண்டும் என்றும் குறிப்பிட்டார். ஆகவே விதியைப் பற்றிய பேச்சு, சம்பவம் நடந்த நேரத்தில் அன்றி, ஷிப்டு இல்லாத ஒரு நாளில் பிள்ளைகள் உறங்கிய பிறகு நடப்பதே நன்று.

அப்பேச்சில் முதலில் இருவரும் தத்தம் அச்சத்தைச் சொல்ல வேண்டும். படிப்பின்றித் தன்னைப்போல் இரவு வேலையில் மகன் சிக்கிவிடுவானோ என்று தந்தையும், சிறுவயதில் தான் பட்ட அடியின் நினைவால் தாயும் இயங்குவது வெளிப்பட்டால், எதிராளியாகத் தெரிந்தவர் அஞ்சும் மனிதராகத் தெரிவார். பிறகு ஒரே ஒரு விதியை மட்டும் எழுதிக்கொள்ளலாம்: வீட்டுப்பாடம் முடிந்த பின்பே கைப்பேசி, மீறினால் மறுநாள் கைப்பேசி இல்லை, வீட்டில் இருப்பவர் அதை நிறைவேற்றுவார், மற்றவர் உடன்படாவிட்டாலும் பிள்ளை முன்னிலையில் மாற்றாமல் பின்னர் தனியே பேசுவார். பாட்டி உடன் இருந்தால் அவருக்கும் விதியைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் சில நாட்களில் பிள்ளையின் அழுகையும் அடமும் கூடுவது எதிர்பார்க்கத்தக்கதே. எப்போதோ ஒருமுறை மட்டும் பலித்த அடம், எப்போதும் பலித்த அடத்தைவிட மறைவதற்கு நெடுநாள் எடுக்கும் என்பது கற்றல் உளவியலில் உறுதிப்பட்ட செய்தி. இடையில் ஒருவர் இளகினால் அடம் மேலும் வலுப்படும். இரண்டு வாரங்கள் கழித்து, விதி பயன் தந்ததா என்று இருவரும் சேர்ந்து பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

சமரசத்துக்கு இடமில்லாத எல்லை

எல்லா வேறுபாடுகளையும் நடுவில் சந்தித்துத் தீர்க்க இயலாது. எலிசபெத் கெர்ஷாஃபும் ஆன்ட்ரூ குரோகன்-கெய்லரும் 2016இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, பிள்ளையை அடிப்பது முரட்டுத்தனம், மனநலச் சிக்கல், பெற்றோருடனான உறவுக் கேடு ஆகியவற்றோடு தொடர்புடையது என்று காட்டியது. ஆகவே "குறைவாக அடிப்பது" என்பதைச் சமரசமாகக் கொள்ளாமல், பிரம்பைக் கைவிட்டு விதியை உறுதியாக்குவதே தக்கது. பிள்ளையைத் துன்புறுத்துவது மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 31ஆம் பிரிவின்கீழ் குற்றமாகும்.

பிள்ளையின் உடலில் தழும்பு இருந்தாலோ, கண்டிப்பவரைக் கண்டு துணைவரே அஞ்சினாலோ, அது கருத்து வேறுபாடு அன்று, வன்முறை. அங்கே முதற்பணி பாதுகாப்பே. அதற்கு 15999 என்ற தாலியான் காசே எண்ணை இரவும் பகலும் அழைக்கலாம். அச்சம் இல்லாவிட்டாலும், இருவருடைய பேச்சும் ஒவ்வொரு முறையும் சண்டையில் முடிந்தாலோ, ஒருவருக்குத் தூக்கமின்மையும் மனச்சோர்வும் வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, அரசு சுகாதாரக் கிளினிக்கை அணுகினால், தேவைக்கேற்ப ஆலோசனைக்கோ அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கோ அங்கிருந்து வழிகாட்டுவர். பிள்ளையை மட்டும் அழைத்துச் செல்லாமல் கணவனும் மனைவியும் சேர்ந்து செல்வதே இப்பிணக்குக்குப் பொருந்தும். ஏனெனில் சீர்செய்ய வேண்டியது பிள்ளையின் நடத்தையைவிட, அதைச் சுற்றி இருவரும் நடந்துகொள்ளும் முறையையே.