விலையைத் தேடித் தரும் சூத்திரம்

திருப்பூரிலிருந்து கப்பலேறும் பனியன் பெட்டிகளுக்கு பேக்கிங் லிஸ்ட் தயாராகிறது. குறியீட்டை மட்டும் அடித்தால் போதும். விவரமும் விலையும் Items என்ற மூலப் பட்டியலிலிருந்து தானாக வந்துவிடும். அந்தப் பட்டியலில் முதல் பத்தியில் குறியீடு, இரண்டாவதில் விவரம், மூன்றாவதில் விலை இருக்கின்றன. விலைக் கட்டத்தில் எழுத வேண்டியது இதுதான்:

```
=VLOOKUP(A2,Items!$A$2:$C$500,3,FALSE)
```

விவரம் வேண்டுமென்றால் 3-க்குப் பதில் 2. டாலர் குறிகள், சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது பட்டியலின் எல்லை நகராமல் பிடித்துக்கொள்கின்றன.

கடைசியில் உள்ள FALSE-ஐ விட்டுவிட்டால்தான் ஆபத்து. TS1047 என்ற புதிய சட்டை மூலப் பட்டியலில் இன்னும் ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம். வரிசைப்படுத்திய பட்டியலில் அதற்கு முந்தைய TS1045-இன் விலையை எக்செல் சத்தமில்லாமல் எடுத்துப் போட்டுவிடும். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. FALSE இருந்தால் #N/A என்று காட்டிக்கொடுக்கும்.

பட்டியலில் இருக்கும் குறியீட்டுக்கே #N/A வந்தால், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிதான் காரணம். =LEN(A2) என்று கேட்டால், ஆறு எழுத்துக் குறியீட்டுக்கு 7 என்று விடை வரும். A2 என்ற இடத்தில் TRIM(A2) என்று மாற்றினால் விலை வந்து நிற்கும்.