வரம்பும் வேண்டும், கெடுவும் வேண்டும்

மசாலாத்தூள் தயாரிப்பாளர் ஒருவரிடம் சிறு விநியோகஸ்தர் மாதம் 3 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்குச் சராசரி 10,000. சரக்கு அவர் கிடங்கில் 7 நாள் இருக்கும். கடைக்காரர்கள் பணம் தர 14 நாள் ஆகும். ஆக, கெடு 21 நாள், கடன் வரம்பு 2,10,000 ரூபாய்.

நிலுவை 1,90,000 இருக்கும்போது 60,000-க்கு ஆர்டர் வந்தால்? வரம்பை 40,000 தாண்டுகிறது. அந்தத் தொகை வந்த பிறகே சரக்கு போக வேண்டும்.

வரம்பு மட்டும் போதாது. நிலுவை 1,50,000தான் என்றாலும், அதில் 35 நாள் பழைய பில் ஒன்று கிடக்கலாம். புதிய பில்களுக்குப் பணம் தந்து பழையதைத் தள்ளிப்போடுவது சிக்கலின் முதல் அடையாளம். அதனால் வரவை மிகப் பழைய பில்லில்தான் முதலில் கழிக்க வேண்டும். கெடு தாண்டிய பில் இருக்கும்வரை அடுத்த லோடு ரொக்கத்துக்கு மட்டுமே.

கெடுவை எழுத்தில் வாங்குவதும் அவசியம். உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு, 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது.