எந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பது?

கிண்டியில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி மூன்று வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆதம்பாக்கம் வீடு ஆபீஸுக்குப் பக்கம், வாடகை 24,000. மடிப்பாக்கம் வீடு 18,000தான். ஆனால் தூரம், தெருவிளக்கும் சரியில்லை. வேளச்சேரி வீடு 21,000. தூரம் நடுத்தரம், வீட்டுக்காரர் கீழ்த்தளத்திலேயே குடியிருக்கிறார். மூன்றையும் ஒன்றாக மனதில் போட்டு உருட்டினால் கடைசியாகப் பார்த்த வீடே ஜெயித்துவிடும். ஒரு நேரத்தில் இரண்டை மட்டும் ஒப்பிடச் சொன்னால் யாராலும் பதில் சொல்ல முடியும். அமெரிக்கக் கணித அறிஞர் தாமஸ் சாட்டி 1970களில் உருவாக்கிய முடிவெடுக்கும் முறைக்கு இதுதான் அடிப்படை.

வீடுகளை அப்புறம் பார்க்கலாம். முதலில் வாடகை, தூரம், பாதுகாப்பு ஆகியவற்றை இரண்டிரண்டாக எடுத்து, எது எத்தனை மடங்கு முக்கியம் என்று கேட்க வேண்டும். இரண்டும் சமம் என்றால் 1. ஒன்று மற்றதைவிட மிக மிக முக்கியம் என்றால் 9. நம் தம்பதி, வாடகை தூரத்தைவிட 3 மடங்கு, பாதுகாப்பு வாடகையைவிட 2 மடங்கு முக்கியம் என்கிறார்கள். பாதுகாப்பையும் தூரத்தையும் ஒப்பிடும்போது மட்டும் மனைவி, “ரெண்டும் ஒண்ணுதான்” என்கிறார்.

இங்கேதான் இந்த முறையின் அருமை தெரிகிறது. முதல் இரண்டு பதில்களின்படி பாதுகாப்பு தூரத்தைப்போல் 6 மடங்கு இருக்க வேண்டும். அவரோ சமம் என்கிறார். இந்த முரணை அளக்க சாட்டி ஒரு விகிதம் வைத்தார். அது 0.1க்குள் இருந்தால் ஏற்கலாம், இங்கே 0.32 வருகிறது. அப்படி வந்தால் எண்ணைத் திருத்தி ஒப்பேற்றக் கூடாது, காரணத்தைத் தேட வேண்டும். பேசிப் பார்த்ததில், தூரம் என்றதும் மனைவி நினைத்தது இரவுப் பணி முடிந்து பஸ் ஸ்டாப்பிலிருந்து இருட்டில் நடந்து வருவதை. கணவர் நினைத்தது பயண நேரத்தை. இருட்டில் நடப்பது பாதுகாப்புக் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது. தூரத்திலும் சேர்த்தால் அதை இரண்டு முறை எண்ணியதாகும். தூரம் என்பது பயண நேரம் மட்டுமே என்று முடிவானதும், பாதுகாப்புக்கு 5 மடங்கு என்கிறார் மனைவி. கச்சிதமாக 6 வேண்டியதில்லை, விகிதம் 0.003க்கு இறங்கிவிடுகிறது.

இனி போன் கால்குலேட்டர் போதும். வாடகையின் வரிசையில் இருப்பவை 1 (தன்னோடு), 3 (தூரத்தோடு), ½ (பாதுகாப்போடு). பெருக்கினால் 1.5, அதன் கனமூலம் 1.14. இப்படியே தூரத்துக்கு 0.41, பாதுகாப்புக்கு 2.15. கூட்டுத்தொகையால் வகுத்தால் வாடகைக்கு 31 சதவீதம், தூரத்துக்கு 11, பாதுகாப்புக்கு 58.

வீடுகளையும் ஒவ்வொரு அம்சத்திலும் இதேபோல் இரண்டிரண்டாக ஒப்பிட வேண்டும். வாடகையில் மடிப்பாக்கம் ஆதம்பாக்கத்தைவிட 4 மடங்கு மேல் என்றும், வேளச்சேரி 2 மடங்கு மேல் என்றும் சொல்கிறார்கள். 24,000க்கும் 18,000க்கும் நடுவே 4 மடங்கு எங்கே என்று கேட்கலாம். இது ரூபாயின் விகிதமல்ல; அந்த 6,000 இவர்கள் பட்ஜெட்டை எவ்வளவு கடிக்கிறது என்பதன் அளவு. பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் லாரிச் செலவு எல்லாவற்றையும் சேர்த்த பிறகுதான் இதைச் சொல்ல வேண்டும். தூரத்தில் ஆதம்பாக்கம், வேளச்சேரி, மடிப்பாக்கம் 4:2:1. பாதுகாப்பில் அதே வரிசையில் 3:6:1. அம்சங்களின் எடையோடு பெருக்கிக் கூட்டினால் வேளச்சேரி 47, ஆதம்பாக்கம் 28, மடிப்பாக்கம் 25.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் எடைகளைக் கொஞ்சம் அசைத்துப் பார்ப்பது நல்லது. ஒருவரின் சம்பளம் நின்றுபோய், வாடகையின் எடை 60 ஆக உயர்ந்து பாதுகாப்பு 30 ஆகக் குறைந்தால், மடிப்பாக்கம் 39, வேளச்சேரி 38 என்று தலைகீழாகும். அவ்வளவு தூரம் போனால்தான் முடிவு மாறுகிறது என்பதால் வேளச்சேரியை நம்பித் தேர்ந்தெடுக்கலாம்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. பெல்டன், கியர் என்ற இரு ஆய்வாளர்கள் 1983இல் அதைச் சுட்டிக்காட்டினார்கள். வேளச்சேரிக் கட்டடத்திலேயே அச்சு அசலாக இன்னும் இரண்டு வீடுகள் காலியாகின்றன என்று கொள்வோம். மறுபடி கணக்குப் போட்டால் ஆதம்பாக்கம் 14.7, மடிப்பாக்கம் 14.9. அந்த இரண்டு வீடுகளிலும் எதுவும் மாறவில்லை, ஆனால் இடம் மாறிவிட்டன. ஒவ்வொரு அம்சத்திலும் மொத்தம் நூறு என்று பங்கு போடுவதால் வருவது இது. பாதுகாப்பில் சிறந்த வீடுகள் பெருகும்போது அந்த அம்சத்தில் மற்றவற்றின் பங்கு அதிகமாக நசுங்குகிறது. பங்கு போடாமல், ஒவ்வொரு அம்சத்திலும் சிறந்த வீட்டுக்கு 1 கொடுத்து, மற்றவற்றை அதன் பின்னமாக எழுதினால் போதும். அப்போது ஆதம்பாக்கத்துக்கு 0.48, மடிப்பாக்கத்துக்கு 0.43, அதே மாதிரி வீடுகள் எத்தனை காலியானாலும் இந்த எண்கள் மாறாது.