இரண்டு விரலால் விரிக்க வேண்டிய கடை

கும்பகோணத்தில் நாச்சியார்கோவில் குத்துவிளக்கு விற்கும் ஒரு கடையின் வெப்சைட்டை மொபைலுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்று சொன்னேன். “நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மறுபடியும் செலவு?” என்று கேட்டார் கடைக்காரர். தனியாக வெப்சைட் வடிவமைத்துப் பிழைக்கும் எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. அவருக்கு எழுதிய கடிதத்தை, கடையின் பெயரை மட்டும் நீக்கிவிட்டு இங்கே தருகிறேன்.

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கேள்வி நியாயமானது. கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் உங்கள் சைட் இன்றும் அழகாகத்தான் தெரிகிறது. அதைச் செய்தவர் தவறு ஏதும் செய்யவில்லை. 2012-இல் பார்ப்பவர் கையில் இருந்த கருவிக்குச் செய்தார். இப்போது அந்தக் கருவி மாறிவிட்டது.

போன வாரம் உங்கள் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஓர் அம்மா வந்தார். மகள் கல்யாணத்துக்கு மூன்றடி விளக்கு வேண்டும், வீட்டிலேயே விலை பார்த்துவிட்டு வர நினைத்தேன், முடியவில்லை என்றார். போனை வாங்கிப் பார்த்தேன். உங்கள் பக்கம் முழுவதும் ஒரு தபால்தலை மாதிரி திரைக்குள் அடங்கியிருந்தது. இரண்டு விரலால் விரித்தால் எழுத்து பெரிதாகிறது, ஆனால் விளக்கின் பெயர் இடப்பக்கமும் விலை வலப்பக்கமும் ஓடிவிடுகிறது. விலையைப் பார்க்கும்போது அது எந்த விளக்கின் விலை என்று தெரிவதில்லை. அவர் உள்ளூர்க்காரர், நேரில் வந்துவிட்டார். வெளியூர்க்காரர் அடுத்த கடையின் பக்கத்துக்குப் போயிருப்பார்.

இது ஏன் நடக்கிறது? 2007-இல் ஐபோன் வந்தபோது உலகத்தில் இருந்த பக்கங்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் திரைக்காகச் செய்தவை. அவற்றைச் சிறிய திரையில் காட்ட ஒரு வழி கண்டார்கள். போன் தன் அகலத்தை 980 பிக்சல் என்று பக்கத்திடம் சொல்லும். பக்கம் அந்த அகலத்துக்குத் தன்னை விரித்துக்கொள்ளும். பிறகு போன் அதை மொத்தமாகச் சுருக்கிக் காட்டும். மொபைலுக்கென்று எதுவும் சொல்லாத பழைய பக்கங்களை இன்றைய ஆண்ட்ராய்டு போன்களும் இப்படித்தான் காட்டுகின்றன.

அந்த அம்மாவின் போன், பக்கத்தை அடுக்கும்போது தன் அகலத்தை 360 என்று கணக்கிடும் வகை. 980-ஐ 360-க்குள் அடைத்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே பெரிதாக இருக்கும். உங்கள் பக்கத்தில் விலையின் எழுத்து 14 பிக்சல். சுருங்கிய பிறகு அது 5 பிக்சல்தான். அதை எந்தக் கண்ணாடி போட்டும் படிக்க முடியாது.

இந்தச் சுருக்கலை நிறுத்த ஒரே ஒரு வரி போதும்:

```
<meta name="viewport" content="width=device-width, initial-scale=1">
```

“உன் உண்மையான அகலத்தையே சொல்” என்று போனுக்கு இடும் கட்டளை இது. “அப்படியானால் அந்த ஒரு வரியை மட்டும் போட்டுக் கொடுங்கள்” என்பீர்கள். நேற்று உங்கள் சைட்டின் நகலில் போட்டுப் பார்த்தேன். எழுத்து பெரிதானது. ஆனால் உங்கள் விளக்குப் பட்டியல் 960 பிக்சல் அகலத்தில் அசையாமல் கட்டப்பட்ட அட்டவணை. 360 அகலத் திரையில் அதன் இடது ஓரம் மட்டுமே தெரிந்தது. மீதியைப் பார்க்கப் பக்கவாட்டில் இழுக்க வேண்டியிருந்தது. சுருக்கம் போய், பக்கம் திரைக்கு வெளியே வழிகிறது. அதனால்தான் வடிவமைப்பையே மாற்ற வேண்டும் என்கிறேன்.

மாற்றுவது எப்படி என்பதற்கு உங்கள் விளக்கே சரியான உதாரணம். பீடம், தண்டு, அகல், உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, மரை போட்டுத்தானே இணைக்கிறார்கள்? பக்கத்தையும் அப்படித் துண்டு துண்டாகச் செய்யப்போகிறேன். ஒரு விளக்கின் படம், பெயர், உயரம், எடை, விலை ஐந்தும் சேர்ந்து ஒரு துண்டு. கம்ப்யூட்டரில் நான்கு துண்டுகள் ஒரே வரிசையில் நிற்கும். போனில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். விலை அதன் விளக்கைவிட்டு எங்கும் ஓடாது. ஈத்தன் மார்கோட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 2010-இல் இந்த முறைக்குப் பெயர் வைத்தார். இன்று இதுதான் எங்கள் தொழிலின் வழக்கம்.

அடுத்தது படங்கள். கேமராவிலிருந்து எடுத்தபடியே ஏற்றியிருக்கிறீர்கள். ஒரு படம் சுமார் 4 எம்பி, முதல் பக்கத்தில் 12 படங்கள், ஆக 48 எம்பி. நொடிக்கு 4 மெகாபிட் வரும் சுமாரான சிக்னலில் அது முழுதாக இறங்க ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். 360 அகலப் போனின் திரை எவ்வளவு நெருக்கமான புள்ளிகளைக் கொண்டிருந்தாலும் 1080 பிக்சல் அகலப் படம் தாராளம். அந்த அளவுக்குக் குறைத்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 கேபி. பன்னிரண்டும் சேர்ந்து 1.8 எம்பி. அதே சிக்னலில் நான்கு நொடிக்குள் முடிந்துவிடும். கீழே இருக்கும் படங்களை, பார்ப்பவர் அங்கே நகர்ந்து வரும்போது மட்டும் இறங்கும்படி செய்துவிட்டால் முதல் படம் இன்னும் சீக்கிரம் வரும்.

இன்னொரு சிறிய விஷயம்: உங்கள் போன் நம்பர் மேலே இருக்கும் பேனர் படத்துக்குள் எழுதப்பட்டிருக்கிறது. படத்துக்குள் இருக்கும் எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது. அதை எழுத்தாக மாற்றி, விரல் நுனி தவறாமல் படும் அளவுக்குப் பெரிய பட்டனாக வைக்கிறேன்.

“மொபைலுக்கென்று தனியாக இன்னொரு சைட் போட்டுவிடலாமே” என்றும் கேட்டீர்கள். வேண்டாம் ஐயா. பித்தளை விலை ஏறும்போதெல்லாம் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும். ஒன்றில் மறந்தாலும் வாடிக்கையாளரிடம் சண்டை. அதோடு, கூகுள் இப்போது பக்கங்களைப் பெரும்பாலும் கம்ப்யூட்டராக வந்து படிப்பதில்லை, மொபைலாக வந்துதான் படிக்கிறது. 2016-இல் இதை அறிவித்து, படிப்படியாக மாற்றி, 2023 அக்டோபரில் மாற்றம் முடிந்ததாகச் சொன்னார்கள். மொபைல் சைட்டில் சுருக்கமாக ஐந்து விளக்கு மட்டும் வைத்தால், கூகுளுக்கு உங்கள் கடையில் ஐந்து விளக்குதான்.

என்னால் செய்ய முடியாததையும் சொல்லிவிடுகிறேன். தேடலில் முதலிடம் வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். மங்கலாக எடுத்த படத்தை எந்த வடிவமைப்பும் தெளிவாக்காது. விளக்குகளைப் பகல் வெளிச்சத்தில் மறுபடி எடுத்துத் தாருங்கள். உயரம், எடை, விலைப் பட்டியலையும் ஸ்கேன் செய்த தாளாக இல்லாமல் தட்டச்சு செய்து கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் முகவரியும் இப்போது இருப்பதுபோலவே இருக்கும். அதை மாற்றினால், வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே பலர் அனுப்பிவைத்த லிங்க் எல்லாம் திறக்காமல் போய்விடும்.

இந்த இரண்டும் கைக்கு வந்தால் மூன்று வாரத்தில் முடித்துவிடுவேன். முடிந்தது என்று நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். உங்கள் வீட்டு அம்மாவிடம் அவருடைய போனைக் கொடுத்து, “மூன்றடி விளக்கு என்ன விலை?” என்று மட்டும் கேளுங்கள். ஒரு கையில் போனைப் பிடித்து, கட்டைவிரலால் தள்ளியே பதில் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. மறு கையின் விரலும் திரைக்கு வந்தால் முடியவில்லை என்று பொருள். மீதிப் பணத்தை அதுவரை தர வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வெப்சைட் வடிவமைப்பாளர்