ஏழு நாளும் தொண்ணூறு நாளும்: நேரலைத் தடை எப்போது நீங்கும்?

காரைநகர் ஈழத்துச் சிதம்பரத்தின் மார்கழித் திருவாதிரையை லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் ஊரவர் யூடியூப் நேரலையில் பார்க்கிறார்கள். அப்படியொரு திருவிழா நேரலை இடையில் நின்றுபோனால், நடத்துபவர் கேட்கும் முதல் கேள்வி, “மறுபடி எப்ப போடலாம்?” என்பதுதான். தடை எந்த வகை என்று தெரிந்தால் அதற்கு விடை கிடைக்கும்.

கோயில் நேரலைகளில் பெரும்பாலும் வரக்கூடியது பதிப்புரிமைச் சிக்கல். ஒலிபெருக்கியில் போகும் பாடலின் உரிமையாளர் கோரி, ஓடிக்கொண்டிருக்கும் நேரலை நீக்கப்பட்டால், அந்தச் சனலின் நேரலை வசதி 7 நாள்களுக்கு நிறுத்தப்படும். பதிவுசெய்த காணொளியை அப்போதும் ஏற்றலாம். ஆகவே அன்றைய பூசையைப் படம்பிடித்து, அந்தப் பாடல் இல்லாமல் இரவில் பதிவேற்ற வழி உண்டு.

சமூக விதிகளை மீறினால் வரும் ஸ்ட்ரைக் இதைவிடக் கடுமையானது. முதல் மீறலுக்கு வழக்கமாக எச்சரிக்கை மட்டுமே வரும். அதன்பின் வரும் முதல் ஸ்ட்ரைக்கில் ஒரு வாரத்துக்கு நேரலை, காணொளி பதிவேற்றம், முன்தோற்றப் படம் மாற்றுவது, சமூகப் பதிவு இடுவது எல்லாமே நின்றுவிடும். முன்கூட்டி நேரம் குறித்து வைத்த காணொளிகளும் தனிப்பட்டவையாக மாறிவிடும். தடை நீங்கியபின் அவற்றுக்கு நாமே மீண்டும் நேரம் குறிக்கவேண்டும்.

இங்கே இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. டிசம்பர் 10இல் முதல் ஸ்ட்ரைக் வந்ததென்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் 17இல் வசதிகள் தாமாகவே திரும்பிவிடும். ஆனால் ஸ்ட்ரைக் 90 நாள் நிலைத்து, மார்ச் 10இல்தான் காலாவதியாகும். இடையில், டிசம்பர் 20இல் இரண்டாவது வந்தால் தடை இரண்டு வாரம். ஜனவரி 3 வரை நீளும். திருவாதிரை வரும் காலமே அதுதான். அந்த 90 நாளுக்குள் மூன்றாவதும் வந்தால் சனலே நீக்கப்படும். காணொளியை அழித்தாலும் ஸ்ட்ரைக் அழியாது. பதிப்புரிமைக்காக நேரலை நீக்கப்பட்டு வரும் முதல் ஸ்ட்ரைக் காலாவதியாக, அதற்கான பாடத்தையும் முடித்திருக்கவேண்டும்.

எந்த நாளில் முடியும் என்று பார்க்க, studio.youtube.com திறந்து, முகப்பிலுள்ள Channel violations அட்டையைத் தொடுங்கள். என்ன ஸ்ட்ரைக், எப்போது காலாவதி என்ற விவரம் அங்கே இருக்கும். நேரலை திரும்பிவிட்டதா என்பதை Settings, Channel, Feature eligibility என்ற வரிசையில் சென்று பாருங்கள்.

ஸ்ட்ரைக் பற்றிய மின்னஞ்சல் சனல் கணக்குக்கே போகும். அந்தக் கணக்கு வெளிநாட்டிலுள்ள உறவினரின் கையில் இருந்தால், கமராக்காரருக்குச் செய்தியே தெரியாது. அவசரத்தில் அவர் வேறொரு சனலில் அதே நேரலையைத் தொடங்கிவிடுவார். தடையை இப்படிச் சுற்றிப்போவதே விதிமீறல். இரண்டு சனல்களையும் இழக்க நேரலாம். ஆகவே கொடியேற்றத்துக்கு முன்பே, கணக்கை வைத்திருப்பவர் அந்த அட்டையைப் பார்த்து, தடை முடியும் திகதியைக் கமராக்காரருக்குச் சொல்லிவிடவேண்டும்.