இருட்டில் நெடுநெடுவென வளரும் பயறு

தென் மாவட்டங்களின் அம்மன் கோயில் திருவிழாக்களில் பெண்கள் தலையில் சுமந்து வரும் முளைப்பாரியை உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். வெயில் படாத அறையில் வைத்து, நீர் தெளித்து வளர்த்த அந்த நாற்றுகள் வயலில் முளைத்தவற்றைப் போலப் பச்சையாக இருப்பதில்லை. வெளிர் மஞ்சளாக, மெலிந்த தண்டோடு உயரமாக நிற்கின்றன.

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் அடிக்கடி இடம்பெறும் ஒரு சோதனை இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. "வெளிச்சம் இருந்தால் செடி நன்றாக வளரும்" என்று மாணவர் கருதுகோள் எழுதுகிறார். ஒரு குவளைப் பயறை ஜன்னலோரமும் இன்னொன்றைப் பீரோவுக்குள்ளும் வைக்கிறார். பத்து நாள் கழித்து ஸ்கேலால் அளந்தால் பீரோவில் இருந்தது இரண்டு மடங்கு உயரமாக நிற்கும். சோதனை தப்பாகிவிட்டது என்று நினைத்து அளவுகளை மாற்றி எழுதும் மாணவர்களும் உண்டு. அளந்தது சரிதான். தடுமாற்றம் "நன்றாக வளரும்" என்ற சொற்களில் இருக்கிறது. எதை அளந்தால் வளர்ச்சி என்று அந்தக் கருதுகோள் சொல்லவே இல்லை.

பயறுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் கருதுகோளைத் திருத்துவது எளிது. முளைக்கும் விதைக்கு முதல் சில நாள் உணவு அதன் பருப்பில், அதாவது வித்திலைகளில், சேமித்து வைத்ததுதான். மண்ணுக்குள் புதைந்திருக்கும் முளைக்கு அவசரத் தேவை வெளிச்சத்தை எட்டுவது. அதனால் இருட்டில் இருக்கும்வரை சேமிப்பைத் தண்டு நீள்வதற்கே செலவிடுகிறது. இலைகள் விரிவதில்லை, பச்சையம் உருவாவதில்லை. வெளிச்சம் பட்டதும் நிலைமை மாறும். தண்டு நீள்வது மட்டுப்படும், இலை விரியும், ஒளிச்சேர்க்கை தொடங்கும். இருட்டு நாற்று இதற்கிடையே சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. புது உணவு எதுவும் தயாரிக்காததால் அதன் உடலில் நீர் நீங்கலாக உள்ள பொருள் நாளுக்கு நாள் குறையும்.

இப்போது கருதுகோளை இப்படி எழுதலாம்: "முழு இருட்டில் 10 நாள் வளர்ந்த பச்சைப்பயறு நாற்றுகளின் தண்டு, வெளிச்சத்தில் வளர்ந்தவற்றின் தண்டைவிட நீளமாக இருக்கும். ஆனால் அவற்றின் உலர் எடை குறைவாக இருக்கும். ஏனெனில் அவை சேமித்த உணவைச் செலவழிக்க மட்டுமே செய்கின்றன." இதில் எந்தச் செடி, எத்தனை நாள், என்ன அளவு, என்ன காரணம் என்பதெல்லாம் இருக்கின்றன. முக்கியமாக, இது பொய்யாவதற்கும் வழி இருக்கிறது. இருட்டு நாற்றுகளின் உலர் எடை கூடுதலாக வந்தால் கருதுகோள் விழுந்துவிடும்.

மாறிகளின் பட்டியலுக்கு வருவோம். நாம் வேண்டுமென்றே மாற்றுவது வெளிச்சம். அதுவே சாரா மாறி. தண்டின் நீளமும் உலர் எடையும் சார்ந்த மாறிகள். மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவை விதை, மணல், நீர், வெப்பம், காற்று. பட்டியல் எழுத ஐந்து நிமிடம் போதும். ஜன்னலும் பீரோவும் வைத்துச் செய்தால் அதைக் காப்பாற்ற முடியாது. ஜன்னலோரம் வெயிலும் காற்றும் அதிகம், பீரோவில் புழுக்கம். வெளிச்சத்தை மட்டும் மாற்றியதாக நினைத்துக்கொண்டு நான்கைந்தை ஒரே நேரத்தில் மாற்றிவிடுகிறோம்.

இதற்குச் செலவில்லாத வழி உண்டு. பத்துக் காகிதக் குவளைகளில் கழுவிக் காயவைத்த ஆற்றுமணலை 200 கிராம் வீதம் நிரப்பலாம். ஒவ்வொன்றிலும் ஊறவைத்த பயறு எட்டு ஊன்றி, முளைத்த பின் ஐந்தை விட்டு மற்றவற்றை எடுத்துவிடலாம். எதை எடுப்பது என்ற விதியை, உதாரணமாகக் கடைசியாக முளைத்தவை என்று, முன்பே எழுதிவிட வேண்டும். பத்துக்கும் மூடி, அடிப்பாகம் வெட்டிய இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில். ஐந்து பாட்டில்களை அப்படியே விட்டு, மற்ற ஐந்தின் மேல் கறுப்புத் தாளும் அதற்கு வெளியே அலுமினியத் தாளும் சுற்றினால் இருட்டு தயார். பாட்டிலின் விளிம்பைத் தட்டிலுள்ள மணலில் அழுத்தி வைத்தால் அடியிலிருந்தும் வெளிச்சம் கசியாது. பத்தையும் ஒரே மேசையில், நேர் வெயில் படாத ஆனால் வெளிச்சமான இடத்தில் மாற்றி மாற்றி அடுக்கலாம். இரு வகையிலும் ஒவ்வொன்றுக்குள் வெப்பமானி வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரே பெரிய அட்டைப்பெட்டிக்குள் ஐந்து குவளைகளையும் வைத்தால் என்ன என்று கேட்கலாம். அந்தப் பெட்டிக்குள் எறும்பு புகுந்தாலோ பூஞ்சணம் பிடித்தாலோ ஐந்தும் சேர்ந்தே கெடும். தனித்தனி மூடி போட்டால்தான் ஐந்து குவளைகளும் ஐந்து தனிச் சாட்சிகள் ஆகும்.

நீர்தான் எல்லாரையும் ஏமாற்றும் மாறி. "தினமும் 10 மி.லி. ஊற்றினேன், எல்லாவற்றுக்கும் சமம்" என்று எழுதுவார்கள். வெளிச்சத்தில் இருக்கும் நாற்று இலை விரித்து நீரை ஆவியாக விடுகிறது, இருட்டில் இருப்பது அவ்வளவு விடுவதில்லை. ஊற்றியது சமமாக இருந்தும் சில நாளில் ஒரு மணல் காய்ந்தும் மற்றது சொதசொதவென்றும் கிடக்கும். வேருக்குக் கிடைப்பது சமமாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் 30 மி.லி. நீர் ஊற்றிக் குவளையின் எடையைக் குறித்துக்கொண்டு, பிறகு சமையலறைத் தராசில் வைத்து, குறைந்த அளவை மட்டும் ஊற்றி அதே எடைக்குக் கொண்டுவரலாம். நாற்றின் சொந்த எடையால் இதில் சிறு பிழை வரும். இருபுறமும் வருவதால் அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால் போதும். இதை இரவில், விளக்கணைத்து, மிக மங்கிய வெளிச்சத்தில் செய்ய வேண்டும். சிறிது நேர வெளிச்சம்கூட இருட்டு நாற்றின் போக்கை மாற்றத் தொடங்கிவிடும். அதே காரணத்தால் தினமும் திறந்து உயரம் அளக்கவும் கூடாது.

பத்தாம் நாள் தண்டை மணல் மட்டத்திலிருந்து நுனிவரை அளந்த பின், நாற்றுகளை வேரோடு எடுத்து மணல் போகக் கழுவி, குவளைவாரியாகத் தாளில் வைத்து வெயிலில் உலர்த்தலாம். உதிர்ந்த வித்திலைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை நிறுத்தும் எடை மாறாவிட்டால் காய்ந்துவிட்டது என்று பொருள். ஒரு பயறு ஏறத்தாழ 35 முதல் 40 மில்லிகிராம்தான் என்பதால் சமையலறைத் தராசு இதற்கு உதவாது. 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். விதைக்காத பயறு ஐந்தையும் இதேபோல் உலர்த்தி நிறுத்து வைத்திருந்தால், இருட்டு நாற்று தொடங்கிய நிலையைவிடவே இளைத்திருக்கிறதா என்பதும் தெரியும்.

உயரத்தை விட்டு எடையை நம்பிய பழைய உதாரணம் ஒன்று உண்டு. பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட், உலையில் காயவைத்த 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு, நீர் மட்டுமே ஊற்றினார். ஐந்தாண்டில் மரம் 169 பவுண்டு ஆனது, மண் குறைந்ததோ இரண்டு அவுன்ஸ் அளவுதான். மரம் முழுவதும் நீரிலிருந்து வந்தது என்று முடிவுகட்டினார். 1648-இல், அவர் இறந்த பிறகு, இது அச்சானது. அளவீட்டில் அவர் காட்டிய கவனம் அபாரம். ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு அவருடைய மாறிகள் பட்டியலில் இல்லை.

பயறுச் சோதனையின் முடிவை எழுதும்போது குவளைக்கு ஒரு சராசரி வீதம் பத்து எண்களையும் காட்டுவது முறை. இருட்டுக் குவளைகளின் ஐந்து எடைகளும் வெளிச்சக் குவளைகளின் எடைகளோடு கலக்காமல் கீழே நின்றால் கருதுகோளுக்கு நல்ல ஆதரவு. இரண்டும் ஒன்றோடொன்று கலந்திருந்தால் பத்து நாள் போதவில்லை, அல்லது ஜன்னல் வெளிச்சம் குறைவு என்று சந்தேகிக்கலாம். உயரத்தில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: நாற்று பாட்டிலின் மேற்புறத்தில் முட்டி வளைந்திருந்தால் அந்த அளவு உண்மையான நீளத்தைக் காட்டாது. வளைந்ததை நூல் வைத்து அளந்து, முட்டியதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும்.