மொடமொடக்கும் துண்டு

மொட்டைமாடிக் கொடியில் உச்சிவெயிலில் காய்ந்த டர்க்கித் துண்டை எடுத்தால் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். சோப்பு சரியாகப் போகவில்லை, தண்ணீரில் உப்பு என்று காரணம் சொல்வோம். அதிலும் உண்மை உண்டு. ஆனால் உப்பே இல்லாத தண்ணீரில் அலசிக் காயப்போட்டாலும் பருத்தி விறைக்கும்.

முக்கியக் காரணம் துணியில் மிஞ்சும் தண்ணீர். பருத்தி இழை தண்ணீரை விரும்பும் பொருள். நன்றாகக் காய்ந்ததாகத் தோன்றும் 100 கிராம் துண்டிலும், காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்து, ஏழெட்டு கிராம் ஈரம் இருக்கும். துணி காயக் காய நீர் வற்றி, பக்கத்துப் பக்கத்து இழைகளை நெருக்கி இழுக்கிறது. கடைசியில் இழையோடு ஒட்டி நிற்கும் மெல்லிய நீர்ப்படலம் பசைபோல் அவற்றைப் பிணைத்துவிடுகிறது. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் காவோ நிறுவனமும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் படலம் சாதாரணத் தண்ணீர்போல நடந்துகொள்வதில்லை என்று காட்டியது.

வீட்டிலேயே சோதிக்கலாம். விறைத்த துண்டின் ஒரு பாதியை மட்டும் இரு கைகளாலும் நன்றாகக் கசக்குங்கள். அந்தப் பாதி மெதுவாகிவிடும், பிணைப்புகள் அறுந்துவிட்டன. அதையே மறுபடி நனைத்து அசையாமல் காயவிட்டால் பழையபடி விறைக்கும். கசக்கியும் சொரசொரப்பு போகவில்லை என்றால்தான் போர் தண்ணீரின் சுண்ணாம்பையும், அதோடு சேர்ந்து திரிந்த சோப்பையும் சந்தேகிக்க வேண்டும்.

இதில் காற்றைக் குறை சொல்வது நியாயமில்லை. துணி படபடவென்று அடித்துக்கொண்டே காய்ந்தால் இழைகள் ஒட்ட நேரமே கிடைக்காது. காற்றில்லாத வெயிலில், நான்கு கிளிப் போட்டு இழுத்துக் கட்டிய துணிதான் மோசமாக விறைக்கும். டிரையரில் புரண்டு புரண்டு காயும் துணி மெத்தென்று வருவதற்கும் இந்த அசைவே பெரிய காரணம்.

ஆகவே கொடியில் போடுமுன் நாலைந்து தடவை பலமாக உதறுங்கள். டவலின் சுருள் நூல்கள் எழுந்து நிற்கும். முக்கால்வாசி காய்ந்ததும் இன்னொரு முறை உதறித் திருப்பிப் போட்டால் வித்தியாசம் கையிலேயே தெரியும். சட்டை, வேட்டிக்கு லேசான ஈரத்திலேயே எடுத்து இஸ்திரி போடுவது நல்லது.

உப்புத் தண்ணீர்தான் குற்றவாளி என்றால், சோப்பைக் குறைத்து ஒரு அலசல் கூட்டுங்கள். கடைசி அலசலில் ஒரு வாளித் தண்ணீருக்கு அரை கப் வெள்ளை வினிகர் கலக்கலாம். அது சுண்ணாம்பைக் கரைக்கும். பிளீச்சோடு மட்டும் வினிகரைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

கடையில் விற்கும் கண்டிஷனர், இழைகள்மேல் படிந்து நீரின் பிணைப்பைத் தடுக்கிறது. புடவைக்கும் போர்வைக்கும் சரி. துண்டுக்கு நான் ஊற்றுவதில்லை. அந்தப் பூச்சு ஏற ஏறத் துண்டு தண்ணீரை உறிஞ்சுவது குறைந்து, தலை துவட்டினால் ஈரம் தலையிலேயே நின்றுவிடும்.